மழை ஜாக்கெட் ஒழுகுகிறதா, அழுக்கேறியிருக்கிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மச்சான் நேராகப் பெலூவ் காட்டிலிருந்து செந்த் ஆந்த்ரேயில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, சொட்டச் சொட்ட ஒரு ஜாக்கெட்டைத் திண்ணையில் போட்டார். "நாலு வருஷந்தான் ஆச்சு. ஒழுகுது. தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிடவா?" என்றார். த்ரூ தெ ஃபேர் பார்வைமுனை வரை போய்த் திரும்பியிருக்கிறார். அந்தப் பாதையின் சேறும் தூறலும் இந்த ரெயூனியன் தீவில் நடப்பவர்களுக்குத் தெரியும். உள்ளே போட்டிருந்த சட்டை தோளிலும் மார்பிலும் பிழிந்தால் தண்ணீர் வரும் நிலையில் இருந்தது.

ஜாக்கெட் ஒழுகவில்லை. அதை அவருக்குக் காட்ட ஒரு கிண்ணமும் கொஞ்சம் டிஷ்யூ தாளும் போதுமானதாக இருந்தன. பாண்டிச்சேரியிலிருந்து இங்கே வந்து மலை ஏறப் பழகிய முதல் சில வருடங்களில் இதே காரணத்துக்காக நானும் ஒரு நல்ல ஜாக்கெட்டைக் குப்பையில் போட்டிருக்கிறேன். அந்த எரிச்சலில் கற்றுக்கொண்டதுதான் கீழே வருவது.

முதலில் ஒரு சோதனை: தண்ணீர் எங்கிருந்து வந்தது?

ஜாக்கெட்டை நன்றாக உலர்த்துங்கள். மார்புப் பகுதித் துணியைத் தையல் இல்லாத இடமாகப் பார்த்து, வெளிப்பக்கம் மேலே வரும்படி ஒரு கிண்ணத்தின் மேல் குழியாகப் படிய விடுங்கள். கிண்ணத்துக்குள் துணியின் அடியைத் தொடும்படி டிஷ்யூ தாளை மடித்து வையுங்கள். குழியில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி ஒரு கால் மணி நேரம் விட்டுவிடுங்கள்.

மச்சானுடைய ஜாக்கெட்டில் மேல்துணி இரண்டு நிமிடத்திலேயே தண்ணீரைக் குடித்துக் கறுத்துப்போனது. கால் மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தபோது தாள் மட்டும் மொறமொறவென்று அப்படியே இருந்தது. அதாவது துணிக்கு உள்ளே இருக்கும் நீர்தடுப்புச் சவ்வு தண்ணீரை விடவில்லை. சட்டையை நனைத்தது பெரும்பாலும் அவருடைய வியர்வைதான். அவருக்கு இதை நம்பக் கொஞ்ச நேரம் ஆனது. "அவ்வளவு வியர்வையா?" என்றார். பை சுமந்து மேடேறும் ஒருவர் ஒரு மணி நேரத்தில் அரை லிட்டருக்கு மேல் வியர்ப்பது சாதாரணம்.

தாள் நனைந்திருந்தால் கதை வேறு. அதைக் கடைசியில் பார்ப்போம்.

அறிகுறி: மழை பட்டதும் மேல்துணி கறுக்கிறது, கனக்கிறது, உள்ளே சில்லென்று ஒட்டுகிறது

பத்துப் புகாரில் எட்டு இதுதான், அதனால் இதில் கொஞ்சம் நின்று பேசலாம்.

இந்த வகை ஜாக்கெட்டில் இரண்டு காவல்கள் உண்டு. உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு தண்ணீரைத் தடுத்து ஆவியை விடுகிறது. மேல்துணியின் இழைகள் மேல் இருக்கும் நீர்விலக்குப் பூச்சு, மழைத்துளி துணியில் ஊறாமல் உருண்டு விழச் செய்கிறது. கடையில் எல்லோரும் சவ்வின் பெயரைச் சொல்லித்தான் விற்கிறார்கள். ஆனால் பூச்சு போய்விட்டால் சவ்வும் தன் பாதி வேலையை நிறுத்திவிடும். மேல்துணி ஊறியதும் சவ்வின் வெளிப்பக்கம் முழுக்க ஒரு தண்ணீர்ப் படலம் போர்த்திக்கொள்கிறது. ஆவி அதைத் தாண்டிப் போக வழியில்லை. அதோடு அந்த ஈரம் துணியைக் குளிர வைப்பதால், உள்ளே இருக்கும் ஆவி அங்கேயே படிந்து தண்ணீராகிறது. போட்டிருப்பவருக்கு அது ஒழுகல் மாதிரியே தெரியும்.

பூச்சு வேலை செய்யும் விதத்தைப் பார்க்கச் சேப்பங்கிழங்கு இலை ஒன்று போதும். இங்கே தோட்டத்து ஓரமெல்லாம் 'சோன்ஜ்' என்ற பெயரில் வளர்ந்து கிடக்கிறது. இலைமேல் தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக ஓடும். இப்போது சோப்பு நுரை பட்ட விரலால் ஒரு இடத்தில் தேய்த்துவிட்டு மறுபடி தெளியுங்கள். அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் பரவி ஒட்டிக்கொள்ளும். சோப்புக்கு ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரை இழுக்கும். துணியில் மிஞ்சிய சோப்பும் அப்படித்தான் நின்றுகொண்டு மழையை உள்ளே அழைக்கிறது. சேற்றுத் துகளும் உப்பும் தோல் எண்ணெயும் பூச்சின் மேல் படிந்து, துளிக்குக் கால் ஊன்ற இடம் தருகின்றன. பூச்சு அடியில் அப்படியே இருக்கும், மூடப்பட்டிருக்கும், அவ்வளவுதான். அதனால்தான் பல ஜாக்கெட்டுகள் புதுப் பூச்சு எதுவும் இல்லாமல், துவைத்தாலே பிழைத்துக்கொள்கின்றன.

உள்பக்க அழுக்குக்கும் பங்கு உண்டு. நுண்துளைச் சவ்வு தண்ணீரை நிறுத்துவது தண்ணீரின் பரப்பு இழுவிசை அதிகமாக இருப்பதால்தான். எண்ணெய்க்கு அந்த இழுவிசை பாதிக்கும் குறைவு, ஆகவே அது துளைக்குள் நுழைந்துவிடும். அமெரிக்கப் பொறியாளர் பாப் கோர் 1969-இல் கண்டுபிடித்த விரித்த டெஃப்லான் சவ்வு 1970-களில் ஜாக்கெட்டாக வந்தபோது இந்தத் தொல்லை இருந்தது. உடல் எண்ணெய் ஊறிய இடங்களில் நிஜமாகவே ஒழுகியது. அதற்குப் பிறகு சவ்வின் உள்பக்கத்தில் மெல்லிய பாலியூரித்தேன் படலம் ஒன்றைச் சேர்த்தார்கள். எனவே இன்றைய ஜாக்கெட்டில் அழுக்கு நேராக ஒழுகலை உண்டாக்குவது அபூர்வம். ஆனால் கழுத்திலும் முதுகிலும் படிந்த எண்ணெயும் உப்பும் ஆவி போகும் வழியைக் குறைக்கின்றன. உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்து, உள்துணி எப்போதும் பிசுபிசுவென்று இருக்கச் செய்கிறது.

சரி, துவைப்பது எப்படி?

துவைக்கும் முன்னால் வாஷிங் மெஷினின் சோப்புத் தட்டைக் கழற்றிக் கழுவுங்கள். அதில் பழைய தூளும், முக்கியமாகத் துணியை மென்மையாக்கும் திரவமும் கட்டிப்போய் இருக்கும். அதோடு துவைத்தால் பாடு வீண். ஜிப்புகளையும் ஒட்டும் பட்டைகளையும் மூடி, கயிறுகளைத் தளர்த்தி, ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு ஜாக்கெட் மட்டும் போடுங்கள். லேபிள் வேறு சொல்லாவிட்டால் 30 டிகிரி. நீர்விலக்குத் துணிக்கென்றே விற்கும் திரவத்தைப் பாட்டிலில் சொன்ன அளவு ஊற்றுங்கள். என்னிடம் இருப்பதில் ஒரு முறைக்கு 100 மி.லி. அது கிடைக்காவிட்டால் மணமோ மென்மையாக்கியோ கலக்காத சாதாரணத் திரவ சோப்பு, வழக்கத்தில் பாதி அளவு போதும். எதைப் போட்டாலும் அலசல் இரண்டு முறை. பிழிவு மிகக் குறைந்த வேகத்தில் இருக்கட்டும். இந்தத் துணி தண்ணீரைப் பை மாதிரி பிடித்துக்கொள்ளும், வேகமாகச் சுற்றினால் மெஷினும் குதிக்கும், துணியும் கசங்கும்.

காலர், தொப்பி விளிம்பு, மணிக்கட்டு மூன்றையும் மெஷினுக்கு முன்னால் தனியாகக் கவனியுங்கள். நம் வீட்டு ஜாக்கெட்டுகளில் தேங்காய் எண்ணெய் நிச்சயம் இருக்கும். இங்கே அதோடு வெயில் கிரீமும் கொசு விரட்டியும் சேர்ந்துகொள்கின்றன. அதே திரவத்தில் சில துளி விட்டு, வெதுவெதுப்பான தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்து, பத்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். மச்சானுடைய காலரிலிருந்து வந்த தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. அவர் அதைப் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அறிகுறி: துவைத்தாயிற்று, இன்னும் தண்ணீர் உருளவில்லை

பெரும்பாலும் சூடு காட்டாததுதான் காரணம். ஃபுளோரின் வகைப் பூச்சில், இழையிலிருந்து மயிர்க்கால் போல நிற்க வேண்டிய மூலக்கூறுச் சங்கிலிகள் துவைத்தபின் சாய்ந்து படுத்துவிடுகின்றன. சூடு அவற்றை மறுபடி நிமிர்த்துகிறது. இந்தத் தீவில் பல வீடுகளில் உலர்த்தும் மெஷின் இல்லை. எல்லோரும் வராந்தாவில்தான் காயப்போடுகிறோம். காய்வதற்கு அது போதும், பூச்சை எழுப்பப் போதாது. வெயிலில் நீண்ட நேரம் தொங்கவிட்டால் நைலான்தான் பலவீனமாகும்.

முழுக்கக் காய்ந்த பிறகு உலர்த்தும் மெஷினில் மிதமான சூட்டில் 20 நிமிடம் ஓட்டுங்கள். மெஷின் இல்லையென்றால் இஸ்திரிப் பெட்டியை மிகக் குறைந்த சூட்டில், நீராவி இல்லாமல் வைத்து, நடுவில் ஒரு பருத்தித் துணி விரித்து மெதுவாகத் தேயுங்கள். தையல் துளைகளை மூட உள்பக்கம் ஒட்டியிருக்கும் தையல் நாடா ஓடும் இடங்களில் பெட்டியை நிறுத்தி வைக்க வேண்டாம். நேரடிச் சூடு கூடாது என்று லேபிள் சொன்னால் அதுதான் முடிவு. தெருவோரச் சலவைக் கடைக்கு எடுத்துப்போவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: அங்கே உங்களுக்கு முன்னால் யாரோ மணக்கும் தாள் போட்டுத் துணி உலர்த்தியிருப்பார்கள். அதன் மெழுகு உங்கள் ஜாக்கெட்டில் படியும். நான் கதவைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் காசு போடுவேன்.

துவைத்த பிறகு முன்னைவிட மோசமாகிவிட்டது என்று சிலர் வருவார்கள். அநேகமாகச் சோப்பு மிச்சம். ஒரு சொட்டு சோப்பும் இல்லாமல் இரண்டு முறை அலசி, மறுபடி சூடு காட்டினால் திரும்பிவிடும். மென்மையாக்கும் திரவம் போட்டிருந்தால் ஒரு அலசலில் போகாது. அந்தக் கொழுப்பு இழையில் ஒட்டிக்கொள்ளவென்றே செய்யப்பட்டது. சிறப்புத் திரவத்தில் இரண்டு மூன்று முறை துவைக்க வேண்டியிருக்கும்.

இப்போது சோதித்துப் பாருங்கள். துணியை ஒரு பலகையில் 45 டிகிரி சாய்வாக விரித்து, ஒரு சாண் உயரத்திலிருந்து பூவாளியால் ஒரு டம்ளர் தண்ணீர் தூவுங்கள். ஆய்வகத்தில் செய்வதும் கிட்டத்தட்ட இதே காரியம்தான்: 250 மி.லி. தண்ணீர், 15 செ.மீ. உயரம். முடிந்ததும் பலகையை ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். துளிகள் ஓடிவிட்டால் சரி. தனித்தனிப் புள்ளியாக ஈரம் நின்றால் பூச்சு தளர்கிறது. பட்டையாக நனைந்தால் அந்த இடத்தில் பூச்சு இல்லை.

அறிகுறி: மற்ற இடமெல்லாம் உருள்கிறது, தோளும் இடுப்பும் மட்டும் நனைகிறது

அது பைப்பட்டை தேய்த்த இடம். இங்கே பூச்சு மூடப்படவில்லை, உரிந்தே போயிருக்கிறது. எத்தனை முறை சூடு காட்டினாலும் இல்லாதது எழும்பாது. புதுப் பூச்சு போட வேண்டும்.

ஸ்ப்ரேயும் உண்டு, துவைக்கும்போது ஊற்றும் திரவமும் உண்டு. எனக்கு ஸ்ப்ரேதான் பிடிக்கும். துவைத்த ஜாக்கெட் ஈரமாக இருக்கும்போதே விரித்து, வெளிப்பக்கம் மட்டும், பட்டை படும் இடங்களில் கொஞ்சம் தாராளமாக அடிக்கலாம். இரண்டு நிமிடம் கழித்து வழிவதை ஈரத் துணியால் துடைத்து, பாட்டிலில் சொன்னபடி உலர்த்திச் சூடு காட்டுங்கள். ஊற்றும் திரவம் உள்துணியையும் சேர்த்து நீர்விலக்காக்கிவிடும். வலை உள்துணி உள்ள ஜாக்கெட்டில் அந்த வலை வியர்வையை உறிஞ்சிப் பரப்ப வேண்டும். அதைக் கெடுத்துக்கொள்வானேன்? அழுக்குத் துணிமேல் ஸ்ப்ரே அடிப்பது அதைவிடப் பெரிய தவறு. சேற்றின் மேல் பெயின்ட் அடித்த மாதிரி, முதல் மழையில் சேற்றோடு போய்விடும்.

பாட்டில் வாங்கும்போது தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. 2025 பிப்ரவரி 27-இல் வந்த பிரெஞ்சுச் சட்டம், 2026 ஜனவரி 1 முதல் பிஎஃப்ஏஎஸ் எனப்படும் ஃபுளோரின் வகை ரசாயனம் கலந்த உடைகளையும், பொதுமக்கள் அவற்றுக்குப் போடும் நீர்விலக்குப் பொருள்களையும் விற்பதைத் தடை செய்கிறது. சில பாதுகாப்பு உடைகள் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ரெயூனியன் பிரெஞ்சு மாவட்டம் என்பதால் இங்கும் அதேதான். புதிய பூச்சுகள் மெழுகு, சிலிக்கோன் போன்றவற்றால் ஆனவை. தண்ணீரை அவை நன்றாகவே விலக்குகின்றன, எண்ணெயை விலக்குவதில்லை. பழைய ஜாக்கெட்டில் எண்ணெய்கூட ஓரளவு உருண்டது. அதனால் புது ஜாக்கெட் வாங்கியவர்கள், முன்பு ஆண்டுக்கு ஒரு முறை துவைத்ததைப்போல விட்டால் சீக்கிரமே ஏமாறுவார்கள். உங்களுடையது எந்த வகை என்று தெரியாவிட்டால், சுத்தமான துணியில் உள்மடிப்பாக ஒரு மூலையில் குண்டூசி முனையளவு சமையல் எண்ணெய் வைத்துப் பாருங்கள். மணியாக நின்றால் பழைய ஃபுளோரின் வகை. உடனே ஊறினால் புதிய வகையாகவோ, பூச்சே போனதாகவோ இருக்கும். தண்ணீர் உருண்டு எண்ணெய் மட்டும் ஊறினால் புதிய வகைதான். பார்த்த கையோடு அந்த மூலையைக் கழுவிவிடுங்கள்.

அறிகுறி: வெளியே முத்து முத்தாக உருள்கிறது, ஆனாலும் உள்ளே ஈரம்

இதில் ஜாக்கெட் மேல் பழி இல்லை. சவ்வுக்குத் தானாகக் காற்றை இழுக்கும் சக்தி கிடையாது. உள்ளே ஆவியின் அழுத்தம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் ஆவி வெளியே போகும். தோலருகே 35 டிகிரியில் ஆவி நிறைந்த காற்றின் அழுத்தம் சுமார் 5.6 கிலோபாஸ்கல். பித்தோன் தே நேஜ் ஏறும் வழியில் 2,400 மீட்டருக்கு மேல், 8 டிகிரி மழையில் வெளி அழுத்தம் சுமார் 1.1. வித்தியாசம் 4.5. அதே நாள் கடற்கரையில் சென் பெனுவா பக்கம் 27 டிகிரி, 90 சதவீத ஈரப்பதம் என்றால் வெளி அழுத்தம் 3.2. வித்தியாசம் 2.4 மட்டும். புத்தம் புது ஜாக்கெட்டும் கீழே பாதி வேகத்தில்தான் மூச்சுவிடும். அதன்மேல் மேடேறும் வியர்வை.

அதனால் கீழ்க்காடுகளில் நடக்கும்போது அக்குள் ஜிப்பைத் திறந்து வைப்பது எந்தச் சவ்வையும்விட அதிகம் உதவும். காற்று நேராகப் போய்வரும். 800 மீட்டருக்குக் கீழே, காற்று இல்லாத வெதுவெதுப்பான மழையில், நான் ஜாக்கெட்டைப் பைக்குள் வைத்துவிட்டுக் குடை பிடிக்கிறேன். மச்சான் சிரிப்பார். சிரிக்கட்டும், என் சட்டை காய்ந்திருக்கிறது.

அறிகுறி: டிஷ்யூ தாள் நனைந்துவிட்டது, அல்லது தையலோரம் கோடாக ஈரம்

கோடாக வந்தால் தையல் நாடா. ஜாக்கெட்டை உள்வெளியாகத் திருப்பி, தோள், அக்குள், தொப்பி இணையும் இடம் மூன்றையும் விரலால் நீவிப் பாருங்கள். ஓரம் தூக்கியிருந்தால், அந்த இடத்தை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துக் காயவிட்டு, தையலுக்கென விற்கும் பசையை மெல்லிய கோடாகத் தடவி ஒரு இரவு விடுங்கள். ஒரு சாண் நீளம் வரை இது நம்பகமாகப் பிடிக்கும். எல்லாத் தையலிலும் நாடா பிரிந்திருந்தால் ஒட்டி மாளாது.

உள்பக்கம் வெள்ளையாகச் செதில் உதிர்ந்தால், பிசினாக ஒட்டினால், புளித்த வாடை வந்தால், அது பாலியூரித்தேன் ஈரத்தால் சிதைவது. வெளியே கொப்புளம் கொப்புளமாக உப்பியிருந்தால் சவ்வு மேல்துணியிலிருந்து பிரிந்துவிட்டது. இரண்டுக்கும் வீட்டு வைத்தியம் இல்லை. துவைத்தால் கெட்டுவிடும் என்று பயந்து வியர்வையோடு அலமாரியில் மடித்து வைப்பதும், வண்டியின் பின்பெட்டிச் சூட்டில் மாதக்கணக்கில் விடுவதும்தான் நான் பார்த்தவரை இந்த நிலைக்கு நேர் வழி. தூக்கு மாட்டியில், காற்று வரும் இடத்தில் தொங்கவிடுங்கள்.

மச்சானின் ஜாக்கெட்: எடை போட்டுப் பார்த்தது

கண்ணால் பார்ப்பதை நம்பாதவர் என்பதால் சமையலறைத் தராசை எடுத்தேன். காய்ந்தபோது 420 கிராம். தோட்டத்துக் குழாயில் பூவாளி முனை மாட்டி, மாட்டியில் தொங்கவிட்டுப் பத்து நிமிடம் நனைத்து, மூன்று முறை உதறி எடை போட்டால் 575. மேல்துணி மட்டுமே 155 கிராம் தண்ணீரைச் சுமந்திருக்கிறது.

துவைத்து, இரண்டு முறை அலசிக் காயவைத்து, சூடு காட்டாமல் அதே சோதனை: 510. இஸ்திரி போட்ட பிறகு: 455. இத்தனைக்கும் புதுப் பூச்சு இன்னும் ஒரு துளிகூடப் போடவில்லை. இப்போது கறுத்து நின்றது இரண்டு தோள்களும் இடுப்புப்பட்டை படும் இடமும் மட்டும்தான். அங்கே ஸ்ப்ரே அடித்து, மறுபடி சூடு காட்டியதும் 438.

மூன்று வாரம் கழித்து அதே பாதையில், அதே மாதிரித் தூறலில் போய்வந்தார். முதுகு ஈரம் என்றார். பை ஒட்டியிருக்கும் இடம், அது எந்த ஜாக்கெட்டிலும் ஈரம்தான். மார்பும் கையும் காய்ந்திருந்தன. அப்புறம் காலரை முகர்ந்து பார்த்தேன். மறுபடி தேங்காய் எண்ணெய்.